டாலர் பில்லுக்கு ரூபாய்க் கணக்கு எழுதும் பிள்ளைகளுக்கு

வேப்பந்தட்டைப் பக்கத்தில் சின்ன வெங்காயம் விளைகிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. விலை இல்லாத நேரத்தில் வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பார்கள். மூன்று மாதம் கழித்துப் பிரித்து விற்றால், போட்ட அன்றைய மதிப்புக்கும் கையில் வந்த பணத்துக்கும் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தை மொத்தமாக "நட்டம்" என்று எந்தச் சம்சாரியும் சொல்லமாட்டார். இத்தனை மூட்டை சருகாகவும் அழுகலாகவும் கழிந்தது, மிச்சத்துக்கு விலை இவ்வளவு ஏறியது என்று இரண்டாகப் பிரித்தே சொல்வார். அழுகலைக் குறைக்க அடுத்த முறை பட்டறையில் காற்றோட்டம் பார்க்க வேண்டும். விலையை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டும் வேறு வேறு காரியம் என்பது அவருக்குத் தெரியும்.

அதே வெங்காயம் கப்பலேறி டாலர் பில்லாக மாறிய பிறகு கணக்கு எழுதுகிற நாம்தான் இதை மறந்துவிடுகிறோம். பில் போட்ட தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் ஒட்டவில்லை என்றால், வித்தியாசத்தை அப்படியே "எக்ஸ்சேஞ்ச் லாஸ்" என்ற தலைப்பில் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறோம். நானும் தொடக்கத்தில் இரண்டு வருடம் அப்படித்தான் எழுதினேன். அதனால் என்ன கெட்டது என்பதை ஐந்தாவது அறிவுரையில் சொல்கிறேன். ஏற்றுமதிக் கணக்கு எழுதப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்காக, ஒரே ஒரு பில்லை எடுத்துத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை எழுதிக் காட்டுகிறேன். விகிதங்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. முறை மட்டும் உண்மையானது.

பில் இது: 12,500 கிலோ சின்ன வெங்காயம், கிலோ 80 சென்ட், மொத்தம் 10,000 அமெரிக்க டாலர். கெடு அறுபது நாள்.

1. பேரேட்டில் டாலருக்குத் தனிப் பத்தி போடுங்கள்

வெளிநாட்டு வாடிக்கையாளரின் பக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தொகை இருக்க வேண்டும்: டாலரில் எவ்வளவு, ரூபாயில் எவ்வளவு. நம்மிடம் அவர் பட்டிருக்கும் கடன் டாலரில்தான். ரூபாய் என்பது அந்தக் கடனுக்கு அன்றன்று நாம் ஒட்டும் விலைச்சீட்டு. டாலர் பத்தி இல்லாமல் ரூபாயை மட்டும் எழுதினால் எது கடன், எது விலைச்சீட்டு என்று பிறகு பிரிக்கவே முடியாது.

இந்த வேலை முழுவதுக்கும் ஒரே சோதனை இதுதான். டாலர் பத்தி பூச்சியத்துக்கு வந்த பிறகும் ரூபாய் பத்தியில் ஏதாவது மிச்சம் நின்றால், அதுவே செலாவணி லாபம் அல்லது நட்டம். டாலரே குறைந்து வந்திருந்தால், குறைந்த டாலர் எங்கே போனது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கும் செலாவணிக்கும் சம்பந்தம் இல்லை.

2. எந்த நாள், எந்த விகிதம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

நம் பில் பிப்ரவரி 9-ஆம் தேதி அடித்தது. சரக்கு தூத்துக்குடியில் கப்பலில் ஏறியது 12-ஆம் தேதி. எஃப்.ஓ.பி. விற்பனையில் சரக்கு கப்பலில் ஏறும்போதுதான் அதன் பொறுப்பு வாங்குபவரிடம் போகிறது. ஆகவே விற்பனை நடந்த நாள் பில் ஆஃப் லேடிங்கில் உள்ள ஏற்றிய தேதி. அன்றைய விகிதத்தைத்தான் எடுக்க வேண்டும். மூன்று நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். பிப்ரவரியில் ஒன்றும் வராது. மார்ச் 29-இல் பில் அடித்து ஏப்ரல் 2-இல் கப்பலேறினால் விற்பனையே அடுத்த வருடத்துக்குப் போய்விடும்.

விகிதத்துக்கு நம்பகமான இடம் எஃப்பிஐஎல் வெளியிடும் குறிப்பு விகிதம். ரிசர்வ் வங்கி தானே வெளியிட்டுவந்த இதை, 2018 ஜூலை 10 முதல் ஃபைனான்ஷியல் பெஞ்ச்மார்க்ஸ் இந்தியா என்ற நிறுவனம் வெளியிடுகிறது. வேலை நாட்களில் மதியத்துக்கு மேல் வரும். மலேசிய வெள்ளியில் பில் போடுகிறவர்கள் தங்கள் வங்கியின் அன்றைய விகிதப் பட்டியலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். எதை எடுத்தாலும் வருடம் முழுக்க அதையே எடுக்க வேண்டும். லாபம் கூடுகிற விகிதத்தை இன்று ஓரிடத்திலிருந்தும் நாளை வேறிடத்திலிருந்தும் பொறுக்குவது கணக்கே இல்லை.

பில்கள் நிறைய உள்ளவர்கள் அந்த வாரத்துக்கோ மாதத்துக்கோ சராசரி விகிதம் ஒன்றை வைத்து எழுதலாம் என்று கணக்கியல் தரம் 11 இடம் கொடுக்கிறது. ரூபாய் அதிகம் ஆடாத மாதத்துக்குத்தான் அது பொருந்தும். மாதத்துக்கு இரண்டு கன்டெய்னர் அனுப்புகிறவர்களுக்கு அந்தச் சுருக்குவழி தேவையே இல்லை.

நம் பில்லுக்கு 12-ஆம் தேதி விகிதம் 86.40 என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் பற்று 10,000 டாலர், ரூ.8,64,000. ஏற்றுமதி விற்பனை வரவு ரூ.8,64,000. இந்த விற்பனைத் தொகையை விகிதம் மாறியதற்காக இனி யாரும் தொடக்கூடாது. பின்னால் டாலர் ஏறினாலும் இறங்கினாலும் வெங்காயம் விற்ற விலை அதுதான்.

3. சுங்க விகிதத்தைப் பார்த்துக் குழம்பாதீர்கள்

கிளியரிங் ஏஜென்ட் அனுப்பும் ஷிப்பிங் பில்லைப் பார்த்தால் அதில் வேறு விகிதம் இருக்கும். நம் கணக்கில் 85.85 என்று வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பு ரூ.8,58,500. ஏஜென்ட் தவறு செய்யவில்லை. சுங்கத் துறை ஏற்றுமதிக்கென்றும் இறக்குமதிக்கென்றும் தனித்தனியாக விகிதம் அறிவிக்கிறது. அது சில வாரம் மாறாமல் நிற்கும். சரக்குக்கான ஜிஎஸ்டி மதிப்புக்கும் அந்தச் சுங்க விகிதத்தையே எடுக்கச் சொல்கிறது ஜிஎஸ்டி விதி 34. ஆகவே எல்யூடி கொடுத்து வரி கட்டாமல் அனுப்பினாலும், ஜிஎஸ்டிஆர்-1-இல் ஏற்றுமதி மதிப்பு சுங்க விகிதத்தில்தான் போகும்.

ஒரே பில்லுக்கு இரண்டு ரூபாய் மதிப்பு வந்துவிட்டதே என்று பிள்ளைகள் பயந்துபோய், பேரேட்டையும் சுங்க விகிதத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். ஜிஎஸ்டியோடு ஒட்டிப்போகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். இரண்டு விகிதமும் நெருக்கமாக இருக்கும்போது ஆடிட்டரும் அதை விட்டுவிடலாம். ஆனால் ரூபாய் வேகமாக இறங்குகிற வாரத்தில் சுங்க விகிதம் பழையதாகவே நின்றிருக்கும். அப்போது விற்பனை குறைவாகவும், பணம் வரும் நாளில் செலாவணி லாபம் கூடுதலாகவும் தெரியும். நம் பில்லில் அந்த இடமாற்றம் 5,500 ரூபாய். அது வெங்காயம் விற்று வந்த காசு. டாலர் ஏறி வந்தது போலக் கணக்கில் நிற்கும்.

என் வழக்கம் இது. பேரேட்டில் சந்தை விகிதம், ஜிஎஸ்டியில் சுங்க விகிதம். இரண்டுக்கும் தனி நோட்டில் ஒரு வரி: பில் எண், டாலர், சுங்க விகிதம், பேரேட்டு விகிதம், வித்தியாசம் 5,500. வருடக் கடைசியில் விற்றுமுதல் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் அந்த நோட்டைத்தான் நீட்டுகிறேன்.

4. பாதிப் பணம் வந்தால் அந்தப் பாதிக்கு மட்டும் தீருங்கள்

மார்ச் 6-ஆம் தேதி வாங்குபவர் 4,000 டாலர் அனுப்பினார். வங்கி அதை 87.10-க்கு வாங்கிக்கொண்டு ரூ.3,48,400 வரவு வைத்தது. இந்த நாலாயிரம் டாலர் பேரேட்டில் 86.40-இல் நிற்கிறது, அதாவது ரூ.3,45,600. வித்தியாசம் 2,800 ரூபாய் லாபம். இதைச் செலாவணி லாபத்தில் வரவு வையுங்கள். மீதி 6,000 டாலரும் ரூ.5,18,400-உம் அப்படியே நிற்கும். 87.10-ஐப் பார்த்து மீதிக்கும் லாபம் எழுதும் ஆசை வரும். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

வங்கி வாங்கும் விகிதம் அன்றைய குறிப்பு விகிதத்தைவிடச் சில காசு குறைவாக இருக்கும். அது வங்கியின் பங்கு. அதைத் தனியே பிரித்து எழுதத் தேவையில்லை. ஆனால் எத்தனை காசு என்று ஒவ்வொரு முறையும் குறித்து வையுங்கள். ஒரு முறை இருபது காசு, இன்னொரு முறை எழுபது காசு என்று தெரிந்தால், முதலாளி வங்கியில் போய்ப் பேச அதுவே ஆதாரம்.

5. குறைந்து வந்த டாலரை எக்ஸ்சேஞ்ச் லாஸில் புதைக்காதீர்கள்

இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். மார்ச் 31-இல் செய்ய வேண்டியதை அடுத்த அறிவுரையில் சொல்கிறேன். இப்போதைக்கு, அந்த நாளில் 6,000 டாலரை 85.60 விகிதத்தில் ரூ.5,13,600 என்று மாற்றி வைத்திருக்கிறோம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 22-ஆம் தேதி வங்கிக் கணக்கில் ரூ.5,01,525 விழுகிறது. பேரேட்டில் நிற்பது 5,13,600. குறைவு 12,075. புதிதாக வந்த பிள்ளை என்ன செய்யும்? பற்று எக்ஸ்சேஞ்ச் லாஸ் 12,075 என்று எழுதி வாடிக்கையாளர் கணக்கை மூடிவிடும். பேரேடு அழகாகப் பூச்சியம் காட்டும். யாருக்கும் சந்தேகம் வராது.

இப்போது வங்கி அனுப்பும் வரவுச் சீட்டை எடுத்துப் படியுங்கள். வந்தது 5,825 டாலர். விகிதம் 86.20. ஆக ரூ.5,02,115. அதில் வங்கியின் கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90, ஆக 590 கழித்து 5,01,525. ரூபாய்ப் பக்கம் தெளிந்துவிட்டது. ஆனால் 6,000 வர வேண்டிய இடத்தில் 5,825 டாலர்தான் வந்திருக்கிறது. 175 டாலர் எங்கே?

வாங்குபவருக்குக் கடிதம் போட்டால் பதில் வருகிறது: சில மூட்டைகளில் அழுகல் இருந்ததால் 150 டாலர் பிடித்துக்கொண்டோம், நாங்கள் அனுப்பியது 5,850. மீதி 25 டாலர் நடுவில் உள்ள வெளிநாட்டு வங்கி எடுத்துக்கொண்டது. பணம் அனுப்பிய காகிதத்தில் கட்டணம் யார் பொறுப்பு என்பதற்கு `OUR`, `SHA`, `BEN` என்று ஒரு குறி இருக்கும். `OUR` என்றால் அனுப்புபவரே எல்லாக் கட்டணத்தையும் ஏற்கிறார். `SHA` என்றால் ஆளுக்குக் கொஞ்சம். `BEN` என்றால் முழுக்க நம் தலையில். நம்முடையதில் `SHA` இருந்தது.

இப்போது எழுதுவோம். அழுகலுக்குக் கழித்த 150 டாலருக்கு, அதை நாம் ஒப்புக்கொண்டு கிரெடிட் நோட் போட்ட நாளின் விகிதம். அதுவும் 22-ஆம் தேதியே என்று வைத்தால் 86.20 வீதம் ரூ.12,930. இது விற்பனைக் கழிவில் போகும். வெளிநாட்டு வங்கி எடுத்த 25 டாலர், ரூ.2,155. இது வங்கிக் கட்டணம். நம்மூர் வங்கியின் 500 ரூபாயும் கட்டணம். 90 ரூபாய் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவுக்குத் தகுந்தால் அங்கே போகும். வங்கியில் வந்தது 5,01,525. எல்லாவற்றையும் கூட்டினால் ரூ.5,17,200. அது சரியாக 6,000 டாலரை 86.20-ஆல் பெருக்கிய தொகை. டாலர் பத்தி பூச்சியம். ரூபாய் பத்தியில் 5,13,600 நின்றது, 5,17,200 தீர்ந்தது. மிச்சம் 3,600, அதுவும் லாபம்.

பார்த்தீர்களா? 12,075 ரூபாய் நட்டம் என்று மூடப்போன பில்லில் உண்மையில் செலாவணி லாபம் 3,600. போனது வேறு இடத்தில்: அழுகலிலும் கட்டணத்திலும் 15,675.

இதைத்தான் நான் இரண்டு வருடம் தவறவிட்டேன். ஒரு வாடிக்கையாளர் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் நூறு, நூற்றைம்பது டாலர் என்று எதையாவது சொல்லிக் கழித்துக்கொண்டிருந்தார். எல்லாம் எக்ஸ்சேஞ்ச் லாஸில் போய் ஒளிந்துகொண்டது. முதலாளி டாலர் விலையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் வருடம் ஒரு பெரியவர் வந்து டாலர் பத்தி போடச் சொன்ன பிறகு, ஒரே மாலையில் எல்லாம் வெளியே வந்தது. அத்தனை கழிவும் ஒரே ஆளிடமிருந்து, அதுவும் கோடையில் அனுப்பிய சரக்குக்கு மட்டும். சாக்கில் கட்டும் முன் வெங்காயத்தை இன்னும் நான்கு நாள் உலர்த்தியிருந்தால் பாதி தீர்ந்திருக்கும். அதைச் சொல்ல வேண்டிய என் கணக்கு இரண்டு வருடம் டாலரைக் காட்டிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் அன்று மன்னிப்புக் கேட்டேன்.

கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. வித்தியாசத்தை டாலரால் வகுத்துப் பாருங்கள். 12,075-ஐ 6,000-ஆல் வகுத்தால் ஒரு டாலருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் நட்டம் என்று வருகிறது. மார்ச் 31-இல் 85.60 இருந்தது, ஏப்ரல் 22-இல் 86.20. டாலர் அறுபது காசு ஏறியிருக்கும்போது டாலருக்கு இரண்டு ரூபாய் எப்படிப் போகும்? சந்தை நகர்ந்த அளவோடு ஒத்துப்போகாத வித்தியாசத்துக்குள் வேறு ஏதோ இருக்கிறது.

அந்த 150 டாலரை வங்கிக்கும் சொல்ல வேண்டும். ஷிப்பிங் பில்லில் 10,000 டாலர் என்று இருப்பதால் அந்தத் தொகை முழுவதும் வந்து சேர்ந்ததா என்று வங்கி தன் ஏற்றுமதிக் கண்காணிப்புப் பதிவில் பார்க்கும். வாங்குபவரின் கடிதத்தையும் கிரெடிட் நோட்டையும் கொடுத்துக் குறைவை அங்கீகரிக்க வைத்தால்தான் அந்தப் பதிவு மூடப்படும். பேரேட்டில் எக்ஸ்சேஞ்ச் லாஸ் என்று எழுதி மூடியவருக்கு, வங்கியில் அந்த பில் திறந்தே கிடப்பது தெரியவே தெரியாது.

6. மார்ச் 31-இல் வராத டாலருக்கு அன்றைய விலைச்சீட்டை ஒட்டுங்கள்

இப்போது பின்னால் போவோம். மார்ச் 31-இல் நமக்கு வர வேண்டியது 6,000 டாலர். பேரேட்டில் 86.40 வீதம் ரூ.5,18,400. அன்றைய விகிதம் 85.60 என்றால் மதிப்பு ரூ.5,13,600. வித்தியாசம் 4,800 நட்டம். பணம் வரவில்லை, யாரும் எதையும் கொடுக்கவில்லை, இருந்தாலும் இதை இந்த வருட லாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும். வாடிக்கையாளர் பாக்கி, கையில் உள்ள டாலர், வங்கியில் டாலராகவே வைத்திருக்கும் இ.இ.எஃப்.சி. கணக்கு, எல்லாவற்றுக்கும் இந்த விதிதான். கணக்கியல் தரம் 11 சொல்வது இது.

இங்கே பிள்ளைகளுக்கு வரும் கேள்வி நியாயமானது: "வராத பணத்துக்கு எப்படி நட்டம் எழுதுவது? வருமான வரிக்காரர் ஒப்புக்கொள்வாரா?" இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. உட்வர்ட் கவர்னர் இந்தியா வழக்கில் 2009 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. வருடக் கடைசியில் வெளிநாட்டு நாணயக் கடனை மறுமதிப்பீடு செய்து எழுதிய நட்டம், பணம் கைமாறாவிட்டாலும், வணிகச் செலவாகக் கழிக்கத் தக்கது என்று நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு அதற்கு நிபந்தனைபோலப் பார்த்தவை எழுதுகிற நமக்குத்தான் முக்கியம்: கணக்கு முறை வருடா வருடம் ஒன்றாக இருந்ததா, நட்டத்துக்கு எழுதியது போல லாபத்துக்கும் எழுதினார்களா, கணக்கியல் தரத்தைப் பின்பற்றினார்களா. ரூபாய் வலுத்த வருடம் நட்டம் எழுதிவிட்டு, ரூபாய் சரிந்த வருடம் "பணம் வரட்டும் பார்க்கலாம்" என்று லாபத்தை விட்டுவைப்பவருக்கு அந்தத் தீர்ப்பு துணை வராது.

பிறகு 2018 நிதிச் சட்டம் 43ஏஏ என்ற பிரிவை வருமான வரிச் சட்டத்தில் சேர்த்து, வரிக் கணக்குக்கென்று அறிவித்த தரத்தின்படி செலாவணி லாப நட்டத்தைக் கணக்கிடச் சொன்னது. வாடிக்கையாளர் பாக்கியைப் பொறுத்தவரை பாதை ஒன்றுதான். நீண்ட காலக் கடன், இயந்திர இறக்குமதி என்று வந்தால் வழி மாறும். அதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

மார்ச் 31 விடுமுறையாக இருந்தால் அன்று விகிதம் வெளிவராது. 2024-இல் அது ஞாயிற்றுக்கிழமை. 29-ஆம் தேதி புனித வெள்ளி. ஆகவே அந்த வருடக் கணக்கை மூட எல்லோரும் 28-ஆம் தேதியின் 83.37-ஐத்தான் எடுத்தார்கள்.

7. ஏப்ரலில் பழைய விகிதத்துக்குத் திரும்பாதீர்கள்

ஏப்ரல் 22-இல் பணம் வரும்போது 85.60-இலிருந்து எண்ண வேண்டும், 86.40-இலிருந்து அல்ல. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு 86.40-ஐப் பார்த்தால், ஆறாயிரம் டாலருக்கு 1,200 நட்டம் என்று எழுதத் தோன்றும். போன வருடமே 4,800 நட்டம் எழுதியாகிவிட்டது. அதன் மேல் 1,200-உம் சேர்ந்தால் ஒரே நட்டத்தை இரண்டு முறை எழுதியதாகிவிடும். மார்ச் 31 மதிப்பிலிருந்து எண்ணினால் 3,600 லாபம். இரண்டு வருடத்தையும் சேர்த்தால் 4,800 நட்டம், 3,600 லாபம், நிகரம் அதே 1,200 நட்டம். கணக்கு தானாகவே நேராகிவிடும்.

பில் முழுவதற்கும் சரிபார்க்க: மார்ச் 6-இல் 2,800 லாபம், மார்ச் 31-இல் 4,800 நட்டம், ஏப்ரலில் 3,600 லாபம். நிகரம் 1,600 லாபம். டாலர் பக்கமிருந்து பார்த்தாலும், நாலாயிரத்துக்கு எழுபது காசு கூடுதல், ஆறாயிரத்துக்கு இருபது காசு குறைவு, அதே 1,600. இந்த இரண்டு வழியும் ஒட்டினால் நிம்மதியாகப் படுக்கலாம்.

8. டாலியில் எழுதினால் இந்த வரியைப் பாருங்கள்

டாலியில் டாலர் நாணயத்தை உருவாக்கி, வாடிக்கையாளர் கணக்கை டாலரில் வைத்து எழுதினால், விகிதம் மாறும்போது அது வித்தியாசத்தைத் தானே கணக்கிட்டுவிடும். ஆனால் அதை நீங்கள் ஜர்னல் போட்டுத் தீர்க்காதவரை ஐந்தொகையில் `Unadjusted Forex Gain/Loss` என்ற வரியில் தொங்கவிட்டு வைக்கும். எத்தனையோ பேர் அந்த வரியோடே ஆடிட்டருக்கு அனுப்புகிறார்கள். மார்ச் 31 விகிதத்தைப் பதிந்து, ஜர்னல் போட்டு, அந்த வரி மறைந்துவிட்டதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள்.

செலாவணி லாபத்தை ஏற்றுமதி விற்பனையோடு கூட்டாமல், லாப நட்டக் கணக்கில் தனி வரியாக வையுங்கள். விற்றுமுதல் எல்லையை வைத்து முடிவாகும் காரியங்கள் பல இருக்கின்றன. டாலர் ஏறியதால் விற்பனை கூடியது போலக் காட்டக்கூடாது.

9. முன்பணம் வேறு சாதி

சிலர் சரக்கு அனுப்பும் முன்பே 2,000 டாலர் முன்பணம் வாங்குவார்கள். அதை மார்ச் 31-இல் மறுமதிப்பீடு செய்யாதீர்கள். நாம் திருப்பிக் கொடுக்க வேண்டியது டாலர் இல்லை, வெங்காயம். ஆகவே அது வந்த நாளின் ரூபாய் மதிப்பிலேயே நிற்கும். பில் போடும்போது அந்த 2,000 டாலர் அளவுக்கு விற்பனையை முன்பணம் வந்த நாள் விகிதத்திலும், மீதி 8,000 டாலருக்கு மட்டும் கப்பலேறிய நாள் விகிதத்திலும் எழுதுங்கள். முன்பணப் பகுதியில் செலாவணி வித்தியாசமே வராது. ஆர்டர் ரத்தாகி டாலரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று முடிவானால் மட்டும் அது டாலர் கடனாக மாறும். அன்றிலிருந்து மறுமதிப்பீடு தொடங்கும்.

10. ஃபார்வர்ட் போட்டிருந்தால் அந்தக் காகிதத்தையும் கேளுங்கள்

வங்கியில் முன்கூட்டியே விகிதம் கட்டி வைத்திருக்கிறாரா என்று முதலாளியிடம் ஒவ்வொரு மாதமும் கேளுங்கள். அவர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள். கட்டிய விகிதத்துக்கும் கட்டிய அன்றைய சந்தை விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒப்பந்தக் காலம் முழுவதற்கும் பரப்பி எழுத வேண்டும். வாங்குபவர் தாமதித்து, ஒப்பந்தம் ரத்தாகி வங்கி ஏதேனும் பிடித்திருந்தால், அது இன்னொரு தனி வரி. முதல் வருடத்தில் ஃபார்வர்ட் பதிவுகளை ஆடிட்டரிடம் காட்டாமல் எழுதாதீர்கள்.

மார்ச் 31 மாலை நான் செய்வது: எஃப்பிஐஎல் விகிதத்தை அச்செடுத்து, அதன் கீழே பாக்கி உள்ள பில்களை வரிசையாக எழுதுவேன். பில் எண், கப்பலேறிய தேதி, டாலர், பேரேட்டு ரூபாய், இன்றைய ரூபாய், வித்தியாசம். கடைசிப் பத்தியில் ஒவ்வொரு பில்லுக்கும் பணம் வராமல் எத்தனை நாள் ஆகிறது என்று இருக்கும். ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் காலக்கெடுவை எந்த பில் நெருங்குகிறது என்பது அங்கேதான் தெரியும். அந்தத் தாளை ஐந்தொகையின் பின்னால் குத்தி வைத்துவிடுவேன். ஏப்ரலில் முதல் டாலர் வரும்போது விகிதம் பார்க்க முதலில் எடுப்பது அந்தத் தாளைத்தான்.